வட்டத்துக்குள் முகம் நடுவில் நிற்க: டிபி படத்தைச் சதுரமாக வெட்டும் முழு வழிகாட்டி

வாட்ஸ்அப்பில் டிபி மாற்றிவிட்டு சாட் பட்டியலுக்குத் திரும்பினால்தான் பிரச்சினை தெரியும். தலைமுடி வட்டத்தின் மேல் விளிம்பில் முட்டி நிற்கும். அல்லது முகம் கீழே இறங்கிப்போய், மேல் பாதி முழுக்கச் சுவராக இருக்கும். கேலரியில் அதே போட்டோவைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. பெரும்பாலான நேரம் படம் நன்றாகத்தான் இருக்கிறது, வெட்டிய இடம்தான் தவறு. அந்த இடத்தை ஊகத்தில் விடாமல் அளந்து பிடிக்க முடியும். ஒரு தடவை சரியாகச் செய்து ஒரு சதுரக் கோப்பைத் தயாரித்துக்கொண்டால் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், லிங்க்டின், கூகுள் கணக்கு என்று வட்டமாகக் காட்டும் எல்லா இடத்திலும் அதையே போடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது, போனில் செங்குத்தாக எடுத்த, ஒரே ஆள் இருக்கும், முகம் ஏறக்குறைய நேராகப் பார்க்கும் சாதாரண போட்டோ. மற்ற வகைகளைக் கடைசியில் பார்க்கலாம்.

சதுரம் வட்டமாகும்போது எது போகிறது

ஆப் உங்கள் படத்தை வட்டமாக வெட்டிச் சேமிப்பதில்லை. அது வைத்திருப்பது சதுரம்தான், காட்டும்போது மட்டும் மேலே ஒரு வட்ட முகமூடியைப் போடுகிறது. வாட்ஸ்அப் சாட் பட்டியலில் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், அதே படம் சதுரமாகத் திறக்கும். ஆகவே ஒரே படம் வட்டமாகவும் சரியாக இருக்க வேண்டும், சதுரமாகவும் பார்க்கும்படி இருக்க வேண்டும். சிலர் தாங்களே படத்தை வட்டமாக வெட்டி, மூலைகளை ஒளிபுகும்படி விட்டு, PNG கோப்பாக ஏற்றுகிறார்கள். அது வேண்டாம். ஏற்றும்போது ஆப் அதை JPEG ஆக மாற்றினால், JPEG-இல் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது என்பதால், அந்த மூலைகள் கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரம்பிவிடும்.

பூரி மாவைச் சதுரமாகத் தேய்த்து டப்பா மூடியால் வட்டமாக வெட்டினால் நான்கு மூலையும் மிஞ்சும் அல்லவா, அப்படித்தான் இங்கேயும். சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதம் வட்டத்துக்குள் வரும், மீதி 21.5 சதவீதம் மூலைகளில் போய்விடும். ஆனால் இந்த இழப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மேல் விளிம்பின் சரியான நடுப்புள்ளியில் எதுவும் போவதில்லை. அதிலிருந்து இடமோ வலமோ நகர நகர, இழப்பு வேகமாகக் கூடுகிறது.

1000 பிக்சல் அகலச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல் விளிம்பிலிருந்து 20 பிக்சல் இறங்கிய இடத்தில், வட்டத்துக்குள் தெரியும் அகலம் 280 பிக்சல்தான். 100 பிக்சல் இறங்கினால் 600. 200 பிக்சல் இறங்கினால் 800. அதாவது படத்தின் உச்சிப் பகுதி மிகக் குறுகலான இடம். சதுரத்தில் பார்க்கும்போது தலைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி இருப்பதால் போதும் என்று தோன்றும். வட்டம் போட்டதும் உச்சந்தலை தப்பிவிடும், ஆனால் அதன் இரு பக்கத்து முடி வெட்டுப்பட்டு, தலை வட்டத்துக்குள் அடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். தலைக்கு மேலே எவ்வளவு விட வேண்டும் என்பதை இந்தக் குறுகல்தான் தீர்மானிக்கிறது.

நடு என்று எதைச் சொல்கிறோம்

முகத்தை நடுவில் வைக்கச் சொன்னால் பலர் கண்களைச் சரியாக வட்டத்தின் மையத்தில் வைக்கிறார்கள். செய்து பார்த்தால் முகம் கீழே சரிந்த மாதிரி இருக்கும். காரணம் தலையின் அமைப்பில் இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து தாடையின் அடிவரை அளந்தால், கண்கள் ஏறக்குறைய அதன் பாதியில் வரும். ஓவியம் படிப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் அளவுகளில் இதுவும் ஒன்று. ஆகவே கண்ணை மையத்தில் வைத்தால் முழுத் தலையும் மையத்தில் வந்துவிடுகிறது. அதில் மேல்பகுதியில் கணிசமான அளவு முடிதான். நாம் முகம் என்று பார்ப்பது முன்நெற்றி முடிக்கோட்டிலிருந்து தாடை வரை உள்ள பகுதியை. அதன் நடு, கண்ணுக்குக் கீழே மூக்கின் மேல் பாதியில் எங்கோ விழும்.

ஆக, வட்டத்தின் மையத்துக்கு வர வேண்டியது மூக்கின் மேல் பாதி. கண்கள் மையத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கழுத்தும் தோளும் கீழே இருப்பதால் தலை கொஞ்சம் மேலே ஏறியிருப்பது கண்ணுக்கும் இயல்பாகத் தெரியும்.

இடவலமாக நடுவைப் பிடிப்பது எளிது. இரண்டு காதுகளின் வெளிவிளிம்புகளுக்கு நடுவே பாதி. தோள்களை வைத்து அளக்காதீர்கள், உடல் கொஞ்சம் திரும்பியிருந்தாலே ஒரு தோள் நீண்டும் மற்றது சுருங்கியும் தெரியும். விரித்துவிட்ட கூந்தலையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் நடுவையும் அந்தப் பக்கம் இழுத்துவிடும்.

தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்

நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: உச்சந்தலை முதல் தாடை அடிவரை உள்ள உயரம், சதுரத்தின் பக்கத்தில் 55 சதவீதம். தலைக்கு மேலே 17 சதவீத இடைவெளி. மீதி 28 சதவீதம் கழுத்துக்கும் தோளுக்கும். இது எந்த ஆப்பும் போட்ட விதி இல்லை. மேலே சொன்ன குறுகலையும் முக நடுவையும் சேர்த்துப் பார்த்து வந்த கணக்கு. 17 சதவீதம் இறங்கிய இடத்தில் வட்டத்தின் அகலம் சதுரத்தின் முக்கால் பங்கு. தலையின் அகலம் 40 சதவீதத்துக்குள்தான் இருக்கும், ஆகவே இரு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும்.

இதைவிடச் சின்னதாக விட்டால் என்ன ஆகும்? சாட் பட்டியலில் ஒரு வட்டம், அடர்த்தி அதிகமான போன் திரையில், சுமார் 144 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை 55 சதவீதம் என்றால் அதற்கு 79 பிக்சல் உயரம் கிடைக்கிறது. மலையும் வானமும் தெரிய வேண்டும் என்று தலையை 20 சதவீதமாகச் சுருக்கினால் 29 பிக்சல்தான். அதில் இது ஒரு ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. எதிர்ப்பக்கம் போய் 75 சதவீதத்தைத் தாண்டினால் தாடையும் உச்சியும் இரண்டு குறுகல்களுக்குள் நுழைகின்றன. 50 முதல் 60 வரை எங்கே நின்றாலும் நன்றாக இருக்கும். அதற்கு வெளியே போக ஒரு காரணம் வேண்டும்.

போனிலேயே, கட்டங்களை வைத்து

சதவீதத்தைத் திரையில் எப்படி அளப்பது? அளக்கவே வேண்டாம். கிராப் செய்யும்போது பெரும்பாலான ஆப்களில் படத்தின் மேல் 3×3 கட்டம் தோன்றும், அந்த ஒன்பது கட்டங்களே நமக்கு அளவுகோல்.

கூகுள் போட்டோஸ், ஐபோனின் போட்டோஸ், ஸ்னாப்சீட் எதுவானாலும் சரி. படத்தைத் திறந்து Edit, ஸ்னாப்சீட்டில் என்றால் Tools, அதில் Crop. முதல் வேலை விகிதத்தை Square என்று பூட்டுவது. இதை மறந்து, கையால் இழுத்து ஏறத்தாழ சதுரமாக்கினால், கடைசியில் சில பிக்சல் வித்தியாசத்தில் செவ்வகம் ஒன்று கிடைக்கும். ஆப் அதை மறுபடி தானாக வெட்டும்.

முகம் சாய்ந்திருந்தால் அடுத்தது அதைச் சரிசெய்வது. இரண்டு கண்களின் நடுவும் கிடைக்கோட்டுக்கு ஒத்து வரும்வரை சுழற்றும் அளவுகோலை நகர்த்துங்கள். வேண்டுமென்றே தலைசாய்த்துச் சிரிக்கும் படம் என்றால் விட்டுவிடுங்கள், அந்தச் சாய்வுதான் படத்தின் அழகு. போனைச் சாய்த்துப் பிடித்ததால் பின்னால் உள்ள கதவும் சுவரும் சேர்ந்தே சாய்ந்திருந்தால்தான் திருத்தம் தேவை. வெட்டிய பிறகு சுழற்றினால் மூலைகள் போய்விடும், படம் இன்னும் நெருங்கிவிடும். அதனால் இதை இப்போதே முடித்துவிட வேண்டும்.

இனி இரண்டு விரலால் பெரிதாக்கியும் நகர்த்தியும் தலையைக் கட்டங்களுக்குள் பொருத்த வேண்டும். உச்சந்தலை மேல்வரிசைக் கட்டத்தின் பாதி உயரத்தில் வரட்டும். ஒரு வரிசை என்பது 33 சதவீதம், அதில் பாதி ஏறக்குறைய 17. தாடையின் அடி, கீழ்க் கிடைக்கோட்டை லேசாகத் தாண்டி நிற்கட்டும். அந்தக் கோடு 67 சதவீதத்தில் இருக்கிறது, தாடை வர வேண்டியது 72-இல். நடுப்பத்தியின் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கும் வெளியே காதுகள் ஒரே அளவாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும். ஒரு காது அதிகமாகவும் மற்றது குறைவாகவும் வெளியே இருந்தால் படத்தை இடவலமாக நகர்த்துங்கள்.

இந்த மூன்றும் அமைந்தால் கண்கள் தானாகவே நடுவரிசையின் மேல் பாதியில் உட்கார்ந்திருக்கும். கண்கள் மேல் கிடைக்கோட்டிலேயே நின்றால் தலை அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. போட்டோகிராஃபியில் சொல்லப்படும் மூன்றில் ஒரு பங்கு விதி கண்களை அந்தக் கோட்டில்தான் வைக்கச் சொல்லும். செவ்வகப் படத்தில் அது அழகு, வட்ட டிபியில் உச்சந்தலையைக் கொண்டுபோய் விளிம்பில் இடித்துவிடும்.

சேமிக்கும்போது Save copy என்று இருந்தால் அதையே தொடுங்கள். மூலப்படம் அப்படியே இருக்கட்டும். திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் 4000 பிக்சல் உயரப் படம் திரை காட்டும் அளவுக்குச் சுருங்கிவிடும். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டும்போது மிஞ்சுவது மிகவும் குறைவு.

கணினியில், பிக்சல் கணக்கோடு

ஒரே படத்தைக் கச்சிதமாக வெட்ட வேண்டும், அல்லது அலுவலகத்தில் இருபது பேரின் படங்களும் பக்கம் பக்கமாக ஒரே அளவில் தெரிய வேண்டும் என்றால் எண்களை வைத்துச் செய்வதே நல்லது. 3024×4032 அளவுள்ள, 12 மெகாபிக்சல் போன் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இதை வெட்டாமல் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை முதலில் பாருங்கள். நடுவிலிருந்து சதுரம் எடுக்கும் தளம், மேலே 504, கீழே 504 பிக்சலைத் தள்ளிவிட்டு 3024×3024 சதுரத்தை வைத்துக்கொள்ளும். நாம் ஆளை எடுக்கும்போது முகம் படத்தின் மேல் பாதியில் இருப்பது வழக்கம். ஆகவே வட்டத்தின் மையத்துக்கு வருவது சட்டைப் பொத்தான். முகம் மேலே தொற்றிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது அளவெடுப்போம். கிம்ப் போன்ற மென்பொருளில் சுட்டியை நகர்த்தினால், அது நிற்கும் இடத்தின் எண்கள் கீழே இடது ஓரத்தில் தெரியும். முதல் எண் இடமிருந்து, இரண்டாவது மேலிருந்து. நம் படத்தில் உச்சந்தலை மேலிருந்து 1100, தாடையின் அடி 1980. தலையின் உயரம் 880. ஒரு காதின் வெளிவிளிம்பு இடமிருந்து 1290, மற்றது 1900. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு 1595.

உச்சந்தலை என்பது முடியின் மேல்விளிம்பு. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் இது மண்டையோடு ஒட்டியே இருக்கும். சுருட்டை முடி எழும்பி நிற்பவர்களுக்கு அந்த எழும்பல் முடியும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் காற்றில் பறக்கும் ஓரிரு இழையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சதுரத்தின் பக்கம்: 880-ஐ 0.55 ஆல் வகுத்தால் 1600. மேலே விட வேண்டிய 17 சதவீதம் 272. ஆகவே சதுரம் தொடங்கும் இடம் மேலிருந்து 1100 − 272 = 828. இடமிருந்து 1595 − 800 = 795. கடைசியாக ஒரு சரிபார்ப்பு: 828 + 1600 = 2428, படத்தின் உயரம் 4032-க்குள் இருக்கிறது. 795 + 1600 = 2395, அகலம் 3024-க்குள் இருக்கிறது. சதுரம் படத்தை விட்டு வெளியே போகவில்லை. கண்கள் தலையின் பாதியில், அதாவது 1540-இல் என்று கொண்டால், சதுரத்துக்குள் அவை 44.5 சதவீதத்தில் விழுகின்றன. மையத்துக்குச் சற்று மேலே, வேண்டிய இடத்தில்.

கிம்ப்பில் கிராப் கருவியை எடுத்து, அதன் விருப்பங்களில் Fixed என்பதை Aspect ratio என்று வைத்து 1:1 கொடுங்கள். Position பெட்டிகளில் 795, 828, Size பெட்டிகளில் 1600, 1600. Enter அழுத்தினால் வெட்டிவிடும். பிறகு Image மெனுவில் Scale Image போய் 800×800 என்று குறைத்து, File மெனுவில் Export As மூலம் JPEG ஆகச் சேமியுங்கள். தரம் 90 போதும்.

கட்டளை வரி பழக்கமுள்ளவர்களுக்கு இமேஜ்மேஜிக்கில் எல்லாம் ஒரே வரி:

```
magick photo.jpg -auto-orient -crop 1600x1600+795+828 +repage -resize 800x800 -quality 90 dp.jpg
```

இதில் `-auto-orient` என்பதை விட்டுவிடாதீர்கள். பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே பதிவு செய்துவிட்டு, எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதி வைக்கின்றன. கேலரி அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டும். வெட்டும் கட்டளை அதைக் கவனிக்காவிட்டால் நீங்கள் அளந்த 795, 828 வேறொரு மூலையில் போய் விழும், முகத்துக்குப் பதில் தோளோ சுவரோ கிடைக்கும். எண்கள் சரியாக இருந்தும் வெட்டு எங்கேயோ விழுந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எத்தனை பிக்சலில் சேமிப்பது

லிங்க்டினும் எக்ஸும் பரிந்துரைப்பது 400×400. யூடியூப் 800×800 கேட்கிறது. ஆகவே 800×800 கோப்பு ஒன்று இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் சரி. அதைவிடப் பெரிதாக ஏற்றுவதால் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் தளங்கள் எப்படியும் தங்கள் அளவுக்குச் சுருக்கித் திரும்ப அமுக்கும். அந்த அமுக்கலில் முகம் கெடாமலிருக்க, நீங்கள் கொடுக்கும் கோப்பு ஒரே ஒரு முறை வெட்டி ஒரே ஒரு முறை சேமித்ததாக இருப்பதுதான் உதவும். வெட்டிச் சேமித்ததை மறுபடி திறந்து கொஞ்சம் வெட்டி, மறுபடி சேமிப்பது என்று போனால் ஒவ்வொரு சேமிப்பிலும் JPEG கொஞ்சம் விவரத்தை இழக்கும். திருத்தம் வேண்டுமா, மூலப்படத்துக்கே திரும்பிப் போங்கள்.

படம் இதற்குத் தாங்குமா என்பதை வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். மூலப்படத்தில் தலையின் உயரம் எத்தனை பிக்சல்? 800-க்கு 55 சதவீதம் 440. 400-க்கு 220. தலை 440 பிக்சலுக்கு மேல் இருந்தால் கவலையே இல்லை. 220-க்கும் 440-க்கும் இடையில் என்றால் வெட்டிய அளவிலேயே விட்டுவிடுங்கள், 800-க்குப் பெரிதாக்க வேண்டாம். இழுத்துப் பெரிதாக்குவதால் புது விவரம் எதுவும் வராது, கோப்பு மட்டும் கனக்கும். 220-க்குக் கீழே போனால் வேறு படம் தேடுவதே நல்லது. கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்தால் பெரும்பாலும் இந்த நிலைதான். அது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படமென்றால் வரும் வழியிலேயே பாதி விவரம் போயிருக்கும். எடுத்தவரிடம் அதையே டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் கிடைக்கும்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வைத்திருப்பவர்களுக்கு

வேலை தேடும் தளங்களுக்காகப் பலர் எடுப்பது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத்தான். பின்னணி வெள்ளை, வெளிச்சம் சீர், முகம் நேர். ஆனால் வட்டத்துக்கு அது ஒத்துவராது. 35×45 மில்லிமீட்டர் படத்தில் தலை 70 முதல் 80 சதவீத உயரம் இருக்க வேண்டும் என்பது பயண ஆவணங்களுக்கான சர்வதேச அளவு, அதாவது 32 முதல் 36 மில்லிமீட்டர். அதிலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுரமோ 35 மில்லிமீட்டர். தலையே சதுரத்தை நிரப்பிவிடும், வட்டம் போட்டால் நெற்றி முடியும் தாடையும் வெட்டுப்படும்.

வெள்ளைப் பின்னணிதானே, சுற்றிலும் வெள்ளையைச் சேர்த்து விரித்துவிடலாம் என்று தோன்றும். கிம்ப்பின் கிராப் கருவியில் Allow growing என்பதை இயக்கினாலோ, ஸ்னாப்சீட்டில் Expand எடுத்தாலோ அது நடக்கும். மேலே விரிப்பதில் தொல்லை இல்லை. இரு பக்கமும் விரிக்கும்போதுதான் சிக்கல். பாஸ்போர்ட் படத்தில் தோள்கள் ஓரம்வரை போய் அங்கேயே வெட்டுப்பட்டிருக்கும். பக்கத்தில் வெள்ளையைச் சேர்த்ததும் தோள் கத்தியால் செதுக்கியது போல நேர்கோட்டில் முடிவது பளிச்சென்று தெரியும். அந்த இடம் வட்டத்துக்கு வெளியே போகும் அளவுக்கு மட்டும் விரித்தால் தலை மறுபடியும் பெரிதாகவே இருக்கும்.

இதற்கு நேரான வழி ஸ்டுடியோவில் கேட்பது. போட்டோ எடுக்கும்போது அவர்கள் மார்புவரை தளர்வாக எடுத்து, பிறகுதான் 35×45-க்கு வெட்டுகிறார்கள். “வெட்டாத ஒரிஜினல் ஃபைல் வேணும்” என்று கேளுங்கள். எடுத்த அன்றே கேட்டால் மெயிலிலோ பென் டிரைவிலோ கொடுத்துவிடுவார்கள், நாள் கடந்தால் அழித்திருக்கக்கூடும். அது கையில் வந்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

கொண்டை, தலைப்பாகை, பக்கவாட்டு முகம், இரண்டு பேர்

உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை, தலைப்பாகை, தொப்பி இருந்தால் அதன் மேல்விளிம்புதான் தலையின் உச்சி. ஆனால் முழுவதையும் 55 சதவீதத்துக்குள் அடக்கினால் முகம் சுருங்கிப்போகும். இங்கே மொத்த உயரத்தை 65 வரை விடலாம், மேல் இடைவெளியை 12 ஆகக் குறைக்கலாம். அந்த உயரத்தில் வட்டத்தின் அகலம் 65 சதவீதம், தலைப்பாகை அதற்குள் அடங்கிவிடும். தலையின் பின்பக்கம் வைத்த மல்லிகைச் சரம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் அதற்காக அளவை மாற்ற வேண்டாம், காது மட்டத்தில் வட்டம் நன்றாக விரிந்திருக்கும்.

முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் இரண்டு காதும் தெரியாது. மூக்கு நுனியை நடுவில் வைத்தால் பின்மண்டை முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். தலையின் வெளிக்கோட்டைப் பாருங்கள்: ஒரு பக்கம் கன்னத்தின் விளிம்பு, மறுபக்கம் பின்னந்தலை. இவற்றின் பாதியே நடு. பார்வை போகும் திசையில் மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாக விட்டால் முகம் சுவரில் இடிப்பதுபோல் தோன்றாது. அதற்கு மேல் விட்டால் வட்டத்தில் முகம் நடுவில் இல்லாததுதான் கண்ணில் படும்.

இருவர் சேர்ந்த படத்துக்கு 55 சதவீதக் கணக்கு பொருந்தாது. வட்டத்துக்குள் முழுமையாக அடங்கும் மிகப் பெரிய சதுரம், வெளிச்சதுரத்தின் பக்கத்தில் 70.7 சதவீதம். இரண்டு தலைகளும் சேர்ந்து அந்த உள்சதுரத்துக்குள் வந்தால் எந்த மூலையும் வெட்டுப்படாது. அதாவது நான்கு பக்கமும் ஏறக்குறைய 15 சதவீதம் விட வேண்டும். கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கும் படம் இதற்குச் சரியாக வரும். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் இடைவெளி இருக்கும் படத்தில் வட்டத்தின் மையத்தில் சுவர்தான் இருக்கும், முகங்கள் இரு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டிச் சரிசெய்ய முடியாது.

ஏற்றும்போதும் ஏற்றிய பிறகும்

சதுரக் கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஆப் தன் வட்டச் சட்டகத்தைக் காட்டும். படம் ஏற்கெனவே சதுரம் என்பதால் சட்டகம் முழுப் படத்தையும் பிடித்திருக்க வேண்டும். விரலால் தொட்டு நகர்த்தவோ பெரிதாக்கவோ வேண்டாம். சில ஆப்கள் தாமாகவே கொஞ்சம் பெரிதாக்கி வைக்கும், அப்போது இரண்டு விரலால் சுருக்கி எல்லைவரை கொண்டுவந்துவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் வட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால், இமேஜ்மேஜிக்கில் ஒரு மாதிரி எடுக்கலாம்:

```
magick dp.jpg \( -size 800x800 xc:black -fill white -draw "circle 400,400 400,0" \) -alpha off -compose CopyOpacity -composite -resize 144x144 test.png
```

இது பார்ப்பதற்கு மட்டும், ஏற்ற வேண்டியது `dp.jpg`. இந்தச் சின்ன வட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். கறுத்த முடி இருண்ட பின்னணியில் கரைந்து, தலையின் வெளிக்கோடு மறைகிறதா? மறைந்தால் எவ்வளவு கச்சிதமாக வெட்டினாலும் முகம் நடுவில் இருப்பதாகத் தோன்றாது, கண் பிடித்துக்கொள்ளும் உருவம் முடியில்லாத முகம் மட்டுமாகிவிடும். அதேபோல வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை கொண்ட ஆப்பில் வட்டத்தின் விளிம்பையே அழித்துவிடும். வெளிர் நீலம், சாம்பல், செடியின் பச்சை போன்ற இடைப்பட்ட பின்னணி இரண்டுக்கும் தப்பிக்கும்.

வட்டத்தின் மேல் ஆப்பே ஒட்டும் அடையாளங்களும் உண்டு. மெசஞ்சரில் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி கீழ் வலப்பக்கம் உட்காரும். லிங்க்டினில் வேலை தேடுவதைக் காட்டும் பச்சைப் பட்டை கீழ்ப்பக்க வளைவை மூடும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியின் வண்ண வளையம் வெளியே ஓடும். நாம் கீழே விட்ட 28 சதவீதத்தில் இருப்பது தோளும் சட்டையும் என்பதால் இவை முகத்தைத் தொடாது. கையில் பிடித்திருக்கும் கோப்பையோ, தோளில் சாய்ந்திருக்கும் குழந்தையோ அந்தக் கீழ் வலது மூலையில் இருந்தால் மட்டும் வேறு படத்தை யோசியுங்கள்.

படத்தை மாற்றிய பிறகும் நண்பரின் போனில் பழையதே தெரிகிறது என்றால் வெட்டை மறுபடி தொட வேண்டாம். அவருடைய போன் பழைய படத்தைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும். உங்கள் பெயரைத் தொட்டு அவர் புரொஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் புதியது இறங்கிவிடும்.